பெரிய றிம் போடுமுன் பிரேக் பேட்டின் தேய்மானத்தையும் பாருங்கள்

பாவித்த ஜப்பான் அலோய் றிம் ஒரு செட் நல்ல விலைக்கு அகப்பட்டால், கல்முனைப் பக்கத்தில் நாம் முதலில் பார்ப்பது போல்ட் துளைகள் பொருந்துகிறதா என்பதைத்தான். உதாரணத்துக்கு, மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் என்றால் 5 துளை, 100 மில்லிமீற்றர் வட்டம். அது சரியாக இருந்தால் பேரம் முடிந்துவிடும். "15 அங்குல றிம்முக்குள்ளேயே பிரேக் அடங்கி இருந்ததே, 17க்குள் அடங்காதா?" என்பது வழமையான கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி.

பிரேக் கலிப்பர் றிம்மில் தட்டக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, டயர் உட்காரும் வளையத்தின் உட்புறம். றிம் பெரிதானால் இங்கே பெரும்பாலும் இடம் கூடும். மற்றது, றிம்மின் கால்களுடைய பின்பக்கம். இங்கே விட்டம் உதவாது. கால்கள் வெளிப்புறமாக வளைந்து போனால் கலிப்பருக்கு இடமுண்டு. தட்டையாக இருந்தால் 17 அங்குல றிம்மும் முட்டும். ஒரே அளவு, ஒரே ஆஃப்செட் பொறித்த இரண்டு றிம்களில் ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாமல் போவது இதனால்தான். ஆகவே, நண்பரின் காருக்குச் சரியாக இருந்தது என்பதை மட்டும் நம்பி, வேறு வடிவ றிம்முக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

சோதனையை டயர் ஏற்றுமுன், வெறும் றிம்மில் செய்ய வேண்டும். டயர் ஏற்றிய பிறகு கடைக்காரர் திருப்பி எடுப்பது கடினம். காரை ஜாக்கில் உயர்த்தி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். கடற்கரைக் காற்றில் ஹப்பின் முகத்தில் துரு கட்டியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். துருவின் மேல் றிம் உட்கார்ந்தால் இல்லாத இடைவெளி இருப்பதுபோல் தெரியும். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களியைச் சிறு உருண்டைகளாக்கி, கலிப்பரின் வெளிமுகத்திலும் மேல் விளிம்பிலும் ஒட்டுங்கள். றிம்மின் உட்புறத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் களி அதில் ஒட்டாது. எண்ணெய் டிஸ்க்கில் மட்டும் படக்கூடாது. றிம்மை வைத்து எல்லா நட்டுகளையும் குறுக்குமறுக்காக இறுக்கி, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கழற்றிய பின் களி எங்கே மிக மெல்லியதாக நசுங்கியிருக்கிறதோ, அதன் தடிப்புத்தான் உங்கள் இடைவெளி. 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அந்த றிம் வேண்டாம். பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருந்தால் அங்கும் இதே சோதனை.

இனி, பலர் தவறவிடும் இடம். சிறிய கார்களில் இருப்பது பெரும்பாலும் வழுக்கி நகரும் கலிப்பர். பிஸ்டன் உட்பக்கம் இருக்கும். வெளிப்பக்கப் பேட்டைக் கலிப்பரின் விரல் போன்ற பகுதி அழுத்தும். அந்தப் பேட் தேயத் தேய, கலிப்பர் முழுவதும் காரின் உட்பக்கம் நகர்கிறது, அதாவது றிம்மின் கால்களிலிருந்து விலகுகிறது. புதுப் பேட் போட்டால் மறுபடி வெளியே வரும்.

கணக்காகப் பார்ப்போம். களி 5 மில்லிமீற்றர் காட்டுகிறது. நல்ல இடைவெளி என்று றிம்மை வாங்கிவிடுகிறீர்கள். அன்று வெளிப் பேட்டில் மீதமிருந்தது 4 மில்லிமீற்றர். புதுப் பேட் 11 மில்லிமீற்றர் என்றால் கலிப்பர் 7 மில்லிமீற்றர் வெளியே வரும். இருந்த 5 போக, 2 மில்லிமீற்றர் முட்டும். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடிய கார், பேட் மாற்றிய அன்று கராஜ் வாசலிலேயே உரசும். பழி பேட் மாற்றிய பாஸ் மேல் விழும். ஆகவே சோதிக்கும்போது வெளிப் பேட்டின் தடிப்பையும் அளந்து, புதுப் பேட்டுக்கும் அதற்குமுள்ள வித்தியாசத்தைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது 3 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். டிஸ்க் தேய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கழியும்.

பாலன்ஸ் செய்யும்போது உட்புறம் ஒட்டும் ஈயத் துண்டுகளும் இடம் பிடிக்கும். வளையத்துக்கும் கலிப்பருக்கும் இடையே இடம் குறைவாக இருந்தால், அவற்றை கலிப்பரின் நேருக்கு வராமல் ஒட்டச் சொல்லுங்கள். புது றிம் போட்டபின் சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப "டிக் டிக்" என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். றிம்மின் உட்புறத்தில் வட்டமாகப் பளபளக்கும் கீறல் தெரிந்தால், அதுவே சாட்சி.

இடம் போதாதபோது சிலர் கலிப்பரை கிரைண்டரில் தேய்க்கிறார்கள். பிரேக் பிடிக்கும் முழு விசையையும் தாங்கும் உலோகம் அது; தொடவே கூடாது. ஸ்பேசர் தகடு வைப்பது வேறு வழி, ஆனால் 5 மில்லிமீற்றர் தகடு ஸ்டட்டின் மரையில் 5 மில்லிமீற்றரை விழுங்கிவிடும். டொயோட்டாவின் 12 மில்லிமீற்றர் ஸ்டட்டில் நட்டு குறைந்தது 8 முழுச் சுற்றுச் சுற்றி இறுக வேண்டும். ஆறு சுற்றில் இறுகினால் தகட்டை எடுத்துவிட்டு வேறு றிம் தேடுங்கள்.