தீபாவளி லீவுக்கு விண்ணப்பிக்கப் போறீங்களா? கையேட்டில் முதலில் இதைப் பாருங்கள்

இவ்வாண்டு, அதாவது 2026-இல், தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. உங்கள் ஓய்வு நாள் ஞாயிறு என்றால், திங்கட்கிழமை பதில் விடுமுறை. அதோடு செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள் லீவு சேர்த்தால் ஒரு வாரம் ஊரில் இருக்கலாம். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன், நிறுவனத்தின் விடுமுறைக் கையேட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

முதலில், தீபாவளியே உங்கள் நிறுவனத்தில் பொது விடுமுறைதானா? 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி 11 பொது விடுமுறைகள் கட்டாயம். அதில் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், ஜொகூரில் சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தும் மாறாதவை. மற்ற ஆறையும் முதலாளி தேர்வு செய்து, ஆண்டு தொடங்கும் முன் வேலையிடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை. அதனால் அறிவிப்புப் பலகையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆண்டு விடுமுறை எத்தனை நாள் என்பதற்கும் சட்டம் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது: இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 8, இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12, அதற்கு மேல் 16. ஆனால் எத்தனை நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அது முழுக்க கையேட்டு விஷயம். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். "மூன்று நாளுக்கு மேற்பட்ட விடுமுறைக்கு 14 நாள் முன்னறிவிப்பு" என்கிறது அதன் கையேடு. இது நாட்காட்டி நாளா, வேலை நாளா? நாட்காட்டி நாள் என்றால், நவம்பர் 10 லீவுக்கு அக்டோபர் 27-க்குள் அனுப்பினால் போதும். வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு, பதில் விடுமுறைத் திங்கள் எல்லாம் கழியும். கடைசி நாள் அக்டோபர் 20. ஒரே வரி, ஒரு வார வித்தியாசம்! இதற்கான விளக்கம் அந்த வரியிலேயே இருக்காது. பெரும்பாலும் முதல் பக்கத்து சொல் விளக்கப் பகுதியில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வரும்வரை முந்திய தேதியையே கணக்கில் வையுங்கள்.

கையேட்டின் பதிப்புத் தேதியையும் பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறியது. வெள்ளி, சனி என்று எழுதிய பழைய கையேடு கையில் இருந்தால் வேலை நாள் கணக்கு தப்பாகிவிடும்.

அடுத்து, லீவு முடக்கப்பட்ட நாட்கள். இவை பல நேரம் கையேட்டிலேயே இருக்காது. "நிர்வாகம் அவ்வப்போது அறிவிக்கும்" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். உண்மையான தேதிகள் சுற்றறிக்கையில் வரும்: சரக்குக் கணக்கெடுப்பு, கணக்கு முடிப்பு, ஆர்டர் குவியும் வாரம். PDF கோப்பில் தேடும்போது blackout மட்டும் போடாதீர்கள். Peak, freeze, dibekukan என்றும் தேடுங்கள். முடக்கம் உங்கள் பிரிவுக்கு மட்டுமா, எல்லாருக்குமா, விதிவிலக்கு தரும் அதிகாரம் யாருக்கு என்பதும் அதே பத்தியில் இருக்கும்.

மூன்றாவது, யார் கையெழுத்து? நம் உதாரணத்தில் இரண்டு நாள் வரை பிரிவுத் தலைவர் போதும். அதற்கு மேல் மேலாளர். அப்படியானால் "சூப்பர்வைசர் சரின்னுட்டாரு" என்பது ஒப்புதல் ஆகாது. திரையில் Supported அல்லது Disokong என்று இருந்தால் பரிந்துரை மட்டுமே முடிந்திருக்கிறது. Approved அல்லது Diluluskan வந்த பிறகே டிக்கெட். நான்கு நாளை இரண்டு இரண்டாகப் பிரித்து அனுப்பலாமே என்று தோன்றும். தொடர்ச்சியான நாட்களை ஒரே விண்ணப்பமாகக் கருதும் விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மேலாளரே அந்த வாரம் லீவில் இருந்தால் அவருக்குப் பதில் யார் என்றும் கேட்டு வையுங்கள்.

ஒப்புதல் இல்லாமல் கிளம்புவது சின்ன விஷயம் இல்லை. முன் அனுமதியோ நியாயமான காரணமோ இல்லாமல், தகவலும் சொல்ல முயலாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், அதை ஒப்பந்த மீறலாகக் கருத சட்டத்தின் 15-ஆவது பிரிவு இடம் தருகிறது.

லீவை மறுத்து, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். உரிய காலத்துக்குள் எடுக்காத ஆண்டு விடுமுறை காலாவதியாகும். முதலாளி கேட்டு, நீங்கள் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டு லீவை விட்டுக்கொடுத்தால்தான், அதற்குப் பதிலாகப் பணம் கேட்கும் உரிமையை 60இ பிரிவு தருகிறது.