கதைத்தல்

‘கதா’ என்ற வடசொல்லிலிருந்து வந்த ‘கதை’, ஈழத்தமிழில் வினையாகி ‘பேசு’ என்றே பொருள்படும். தமிழ்நாட்டிலோ ‘கதைக்கிறான்’ என்றால் இல்லாததைக் கட்டிச் சொல்கிறான் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு படத்தின் ஒரே வசன வரிக்கோப்பு சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும்போது, “அம்மாவோடு கதைத்தேன்” என்ற வரி சென்னையில் பொய்யாகத் தொனிக்கலாம். இரண்டு நொடியில் மறையும் வரியில் அடைப்புக்குறி விளக்கத்துக்கு இடமில்லை. ‘பேசினேன்’ என்றால் எல்லோருக்கும் புரியும். பாத்திரம் ஈழத்தவர் என்றால் மட்டும் ‘கதைத்தேன்’ நிற்கட்டும். முகமும் குரலும் பொருளைக் காட்டிவிடும்.

எழுத்திலும் இதே சிக்கல்தான். ஈழத்தவர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதைத் தமிழ்நாட்டார் ரகர ஒலியோடு வாசித்துத் தடுமாறுவார்கள். ‘டொரண்டோ’ இரு தரப்புக்கும் பிடிபடும். எதைத் தேர்ந்தாலும் கோப்பு முழுவதும் அதையே எழுதுங்கள்.