ஏட்டில் ஒரு கருப்பையா, பேச்சில் ஒரு கருப்பையா

அறிவியல் புனைகதையில் மிகச் சிறிய வடிவங்கள் இரண்டு உண்டு. ஒன்று படிப்பதற்காக எழுதப்படுவது. இதற்குச் சொல் கணக்குதான் எல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ ஊரில் வெளிவரும் ‘நியூ டைம்ஸ்’ இதழில் ஸ்டீவ் மாஸ் 1987-இல் தொடங்கிய 55 சொல் கதைப் போட்டி இதில் பெயர்பெற்றது. தமிழ் வாசகர்களுக்கு இந்த வடிவத்தை அறிமுகப்படுத்தியவர் சுஜாதா. மற்றொன்று வாயால் சொல்வது. இதற்குக் கடிகாரம்தான் எல்லை. ஐம்பது வினாடிக்குள் கதை தொடங்கி முடிந்துவிட வேண்டும்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். அதனால் எழுதிய 55 சொல்லை அப்படியே படித்துக் காட்டினால் ஐம்பது வினாடிக் கதை கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரிதானா என்று பார்க்க, ஒரே ஊர், ஒரே கற்பனை விதி, ஒரே ஆட்களை வைத்து இந்தக் கட்டுரைக்காகவே இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன். ஊர், புதுக்கோட்டைக்கும் விராலிமலைக்கும் இடையில் இருக்கும் இலுப்பூர். விதி இதுதான்: ஓர் ஊரில் ஒரு பெயர் ஒருவருக்கு மட்டுமே.

முதலில் ஏட்டுக் கதை. தலைப்பில்லாமல் சரியாக 55 சொல்.

இலுப்பூர், 2094.
வரிசை நகர்ந்தது.
“என்ன வேண்டும், தாத்தா?”
“ஒப்படைக்க வந்தேன்.”
“உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் ஒப்படைப்பதில்லையே.”
“பேரனுக்கு வயது ஐந்து. பள்ளிக்கூடத்தில் இன்னும் ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.”
எழுத்தர் முத்திரை குத்தினார்.
வெளியே புளியமரத்தடியில் பையன் விளையாடிக்கொண்டிருந்தான்.
“கருப்பையா!” என்றார் கிழவர்.
அவன் திரும்பவில்லை.
எதிரே வந்த நண்பர், “என்ன கருப்பையா, வெயிலில் நிற்கிறாய்?” என்றார்.
கிழவரும் திரும்பவில்லை.
அவர்களுக்குப் பின்னால் அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: “ஓர் ஊரில் ஒரு பெயர் ஒருவருக்கே.”

இனி, சொல்லும் கதை. இது 68 சொல்.

இலுப்பூர்ல, இன்னும் எழுவது வருசம் கழிச்சு, ஒரு சட்டம். ஒரு பேரு ஒருத்தருக்குத்தான். கருப்பையான்னு ஒருத்தர் இருந்தா, அவர் போற வரைக்கும் வேற யாரும் கருப்பையா கிடையாது.
கருப்பையா தாத்தாவுக்கு ஒரு பேரன். அஞ்சு வயசு. தாத்தா பேருதான் வைக்கணும். ஆனா தாத்தா இருக்காரே! பள்ளிக்கூடத்துல அவனை ஏய்னுதான் கூப்பிடுறாங்க.
ஒருநாள் தாத்தா ஆபீசுக்குப் போயி பேரை எழுதிக் குடுத்துட்டாரு.
வெளிய வந்து, ‘கருப்பையா’ன்னு கூப்பிட்டாரு. பேரன் திரும்பல. எதுத்தாப்புல வந்த கூட்டாளி, ‘என்ன கருப்பையா’ன்னாரு. தாத்தாவும் திரும்பல.
சாயங்காலம் டீக்கடையில கடன் நோட்டைத் தொறந்தாங்க. கருப்பையா, பாக்கி நாலாயிரம். கடைக்காரர் பேரன்கிட்ட கையை நீட்டினாரு.

முதலில் அளவைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாலும் ஐம்பது வினாடிக்குள் நூற்றிருபது சொல் வரை போய்விடும். தமிழில் அது நடக்காது. ‘குடுத்துட்டாரு’ என்ற ஒரே சொல்லுக்குள் வினை, காலம், முடிந்துபோன தன்மை, மரியாதை எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நம் சொல் ஒவ்வொன்றும் நீளம். ஆகவே எழுபது சொல்லை ஒட்டியே ஐம்பது வினாடி தீர்ந்துவிடும். இதில் நிறுத்தங்களையும் சேர்க்க வேண்டும். ‘தாத்தாவும் திரும்பல’ என்றதும் ஒரு மூச்சு விடாமல் டீக்கடைக்குப் போனால் கேட்பவர் பின்தங்கிவிடுவார். அந்த மூச்சும் ஐம்பது வினாடிக் கணக்கில்தான் வருகிறது. ஏட்டுக் கதையில் பத்தி முறிவுக்கு எந்தச் செலவும் இல்லை.

அடுத்தது, இரண்டுக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு. விதி எந்த இடத்தில் வருகிறது?

ஏட்டுக் கதையில் அது கடைசி வரியில் இருக்கிறது. ‘ஒப்படைக்க வந்தேன்’ என்பதில் எதை ஒப்படைக்க என்பது வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் அதை ஒப்படைப்பதில்லை என்றதும் வாசகர் ஏதோ பயங்கரத்தை எதிர்பார்க்கிறார். கடைசி வரியைப் படித்ததும் கண் தானாக மேலே போகிறது. எழுத்தர் சொன்னதற்கு இப்போது வேறு பொருள் கிடைக்கிறது: வழக்கமாகப் பெயர் செத்த பிறகுதான் திரும்பி வரும், இவர் உயிரோடு விட்டுக்கொடுக்கிறார். கதையின் பாதி வேலை இந்த இரண்டாம் வாசிப்பில்தான் நடக்கிறது. தாளில் அதற்கு இரண்டு வினாடி போதும்.

காதுக்கு அந்த வசதி கிடையாது. சொன்னது போய்விட்டது. ஏட்டுக் கதையை அப்படியே சத்தமாகப் படித்துக் காட்டினால், ‘எதை ஒப்படைக்க?’ என்ற கேள்வி கேட்பவர் மனத்தில் முள்ளாக நின்றுவிடும். பேரன், பள்ளிக்கூடம், முத்திரை எல்லாம் அந்த முள்ளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கடைசியில் விதி வரும்போது எழுத்தர் என்ன சொன்னார் என்பது அவருக்கு நினைவிருக்காது. அதனால்தான் சொல்லும் கதை விதியை முதல் பத்து வினாடிக்குள் போட்டு உடைக்கிறது. ஒருமுறை சொன்னதோடு நிற்கவும் இல்லை. கருப்பையா என்ற ஓர் ஆளை வைத்து உடனே இன்னொரு முறை விளக்குகிறது. ஏட்டில் இது வீண் செலவு. பேச்சில் இது அடித்தளம்.

விதியை முதலிலேயே சொல்லிவிட்டால் கடைசியில் அதிர்ச்சிக்கு என்ன மிஞ்சும்? விதியின் விளைவு மிஞ்சும். தாத்தாவின் பெயர் பேரனுக்குப் போனால் பெயரில் இருந்த கடனும் அவனுக்குத்தானே போகும்! இதை முன்கூட்டி எங்கும் சொல்லவில்லை; ஆனாலும் விதியை ஒப்புக்கொண்ட யாரும் இதை மறுக்க முடியாது. ஏட்டுக் கதையில் இந்த டீக்கடை வர வழியே இல்லை. விதியே கடைசியில் வெளிப்படும்போது, அதற்கு அடுத்த விளைவைச் சொல்ல இடம் எங்கே?

கர்ட் வானகட் 1962-இல் வெளியிட்ட ‘2 B R 0 2 B’ சிறுகதையில் இதே கட்டுமானத்தைக் காணலாம். ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு ஈடாக ஒருவர் சாக முன்வர வேண்டும் என்பது அங்கே விதி. அது கதை முடிவதற்கு வெகு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே ஒருவருக்கு ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் பிறக்கின்றன. சாக முன்வந்திருப்பதோ குழந்தைகளின் தாத்தா ஒருவர்தான். கதை முழுவதும் அந்தக் கணக்கின் மேல்தான் ஓடுகிறது. விதி ஒன்று, அதைச் சங்கடத்தில் மாட்டும் நிகழ்ச்சி ஒன்று. அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

பெயரைப் பற்றிய விதி தமிழுக்குப் புதிதல்ல. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, மனோ. ஆனால் அது தொடர்கதை. அங்கே பெயர் விதி பல கட்டுப்பாடுகளில் ஒன்று. வாரக்கணக்கில் ஓடும் கதைக்கு விதி பின்னணியாக இருந்தால் போதும். ஐம்பது வினாடியில் பின்னணி என்று ஒன்று இல்லை. விதிதான் கதை.

அதனால் இரண்டாவது விதி நுழைவதுதான் இந்த வடிவத்தில் அடிக்கடி நேரும் பழுது. ‘பெயரைக் கொடுத்ததும் தாத்தாவுக்கு ஓர் எண் கொடுத்தார்கள்’ என்று ஒரு வரி சேர்க்க எனக்கும் ஆசை வந்தது. சேர்த்தால் கேட்பவர் எண்ணைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்: எல்லோருக்கும் எண் உண்டா, அப்படியானால் பேரனை எண்ணால் கூப்பிடலாமே? கதை அங்கேயே சரிந்துவிடும். பழுது இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கதையைக் கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். விதியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் கதை நிற்கும். ‘ஏதோ பேரு மாத்துற ஆபீசு’ என்று தொடங்கினால் விதி போய்ச் சேரவில்லை.

இன்னொரு சின்ன இடைஞ்சல், இரண்டு கருப்பையாக்கள். ஏட்டில் மேற்கோள் குறியும் தனி வரியும் யார் யாரைக் கூப்பிடுகிறார் என்று காட்டிவிடுகின்றன. பேச்சில் அது முடியாது. அதனால் சொல்லும் கதையில் ‘தாத்தா’, ‘பேரன்’, ‘கூட்டாளி’ என்று உறவுமுறை திரும்பத் திரும்ப வருகிறது. ‘அவர்’, ‘அவன்’ என்று மாற்றினால் ஆள் குழம்பிவிடும்.

ஊரைப் பற்றியும் ஒரு சொல். 2094 என்று போட்டுவிட்டால் மட்டும் எதிர்கால ஊர் ஆகிவிடாது. பறக்கும் வண்டி, கண்ணாடிக் கோபுரம் என்று வர்ணிக்க ஐம்பது வினாடியில் இடமும் இல்லை. இரண்டு கதைகளிலும் புதுக் கருவி ஒன்றுகூட இல்லை. சொல்லும் கதையில் டீக்கடையும் கடன் நோட்டும்தான் இருக்கின்றன. புதிதாக இருப்பது விதி மட்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழைய வழக்கத்தில் அது போய் மோதுவதால்தான் கதை பிறக்கிறது. அந்த வழக்கம் இல்லாத ஊரில் இதே விதி வெறும் அலுவலக நடைமுறை. குழந்தைக்கு வேறு பெயர் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஓர் ஊருக்குத் தனிச் சட்டம் என்பதும் இந்தப் பக்கத்தில் நம்பக்கூடியதுதான். புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும் வரை தனிச் சமஸ்தானம். அம்மன் காசு என்று தனி நாணயமே புழங்கிய சீமை இது.

இரண்டில் எது மேல்? எழுத்தரின் அந்த ஒரு வரி ஏட்டுக் கதைக்கே உரியது. பெயரைக் கொடுப்பது பாதிச் சாவு என்ற கனம் சொல்லும் கதையில் குறைந்துவிட்டது, அது இழப்புதான். ஆனால் ஏட்டுக் கதை ஒரு விடுகதை. விடை தெரிந்ததும் முடிந்துவிடுகிறது. சொல்லும் கதை விடையை முதலிலேயே கொடுத்துவிட்டு, அந்த விடையோடு வாழ்கிறவர்களுக்கு என்ன நேர்கிறது என்று கேட்கிறது. அறிவியல் புனைகதையின் வேலை அதுதான் என்பதால் என் வாக்கு அதற்கே. ஐம்பது வினாடியில் கதை சொல்ல நினைப்பவர்கள் விதியை ஒளித்துவைக்க வேண்டாம். முதலிலேயே சொல்லிவிட்டு, அது யாரிடம் கையை நீட்டும் என்று தேடுங்கள்.