ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சு

ஒரு ஆரஞ்சுப் பழம். அதில் நேராகக் குத்திய ஒரு ஸ்ட்ரா. அமெரிக்காவின் மளிகைக் கடைகளில் குளிர்பெட்டிக் கதவைத் திறந்தவர்கள் எழுத்தைப் படிக்காமலே ட்ராபிகானா பழச்சாறை எடுத்துக்கொண்டு போனது இந்தப் படத்தால்தான். சிசிலியிலிருந்து வந்து குடியேறிய ஆன்டனி ரோசி 1947இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய நிறுவனம் அது. 1998இல் பெப்சிகோ அதை வாங்கியது. முதலாளி மாறினாலும் பழமும் ஸ்ட்ராவும் அட்டையை விட்டுப் போகவில்லை.

2009 ஜனவரியில் போயின. ஆர்னெல் குழுமம் வடிவமைத்த புதிய அட்டைப்பெட்டியில் பழம் இருந்த இடத்தில் கண்ணாடித் தம்ளர் நிறையச் சாறு இருந்தது. பெயரைக் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். மூடி மட்டும் அழகு: பாதி ஆரஞ்சுபோல், கையால் பிழிவதுபோல் திருகித் திறக்கலாம். உள்ளே இருந்த சாறு அதேதான். புதிய முகத்தை அறிமுகப்படுத்தச் சுமார் 3.5 கோடி டாலருக்கு விளம்பரம் ஏற்பாடாகியிருந்தது.

பிப்ரவரி 22 வரையான ஏழெட்டு வாரங்களில் விற்பனை 20 சதவீதம் சரிந்தது. கடிதமும் மின்னஞ்சலும் தொலைபேசி அழைப்புமாகப் புகார்கள் வந்தன. அந்த மாதமே பழைய அட்டை திரும்பி வரும் என்று நிறுவனம் அறிவித்தது.

இந்த 20 சதவீதத்தை விளம்பர வகுப்புகளில் அடிக்கடி சொல்வார்கள். எனக்கு அந்த எண்ணின் மீது ஒரு மனக்குறை உண்டு. 2009 தொடக்கம் என்பது வேலை போய்க்கொண்டிருந்த பொருளாதாரச் சரிவுக் காலம். வீட்டுச் செலவைக் குறைக்க மக்கள் கடையின் சொந்தப் பெயரில் வரும் மலிவுச் சாறுக்குத் தாவியிருக்கலாம். அட்டை மாறாமல் இருந்திருந்தாலும் 5 சதவீதம் போயிருக்குமோ, 10 போயிருக்குமோ? அதே வாரங்களில் போட்டியாளர்களின் சாறு கூடுதலாக விற்றது என்பதால் பழி அட்டையின் மேல் விழுவது நியாயம்தான். எவ்வளவு பழி என்பதைச் சொல்லத்தான் வழியில்லை. நாடு முழுக்க ஒரே சமயத்தில் முகம் மாறிவிட்டது. பழைய அட்டை மட்டுமே விற்கும் ஊர் என்று ஒன்றைக்கூட ஒப்பிட விட்டுவைக்கவில்லை.

விட்டுவைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தப் பெட்டியைக் கற்பனையில் கொஞ்ச தூரம் வேறு வழியில் அனுப்பிப் பார்க்கலாம். எண்கள் என் கற்பனை. முறை தொழிலில் உள்ளதுதான்.

முதலில் இரண்டு ஊர்களைத் தேட வேண்டும். பெரியதும் சிறியதுமாக இருந்தாலும் பரவாயில்லை. கடந்த ஓராண்டாக வாரா வாரம் சாறு விற்பனை இரண்டிலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியிருக்க வேண்டும். எந்த ஊருக்குப் புதுப்பெட்டி என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்வது நல்லது. விற்பனை மேலாளரிடம் விட்டால் தன் கையில் உள்ள செழிப்பான ஊரைத்தான் நீட்டுவார். புதுப்பெட்டி போகும் ஊர் டெஸ்ட் மார்க்கெட். பழைய பெட்டியே தொடரும் ஊர் கன்ட்ரோல் மார்க்கெட். விலை, அலமாரியில் இடம், தள்ளுபடி எல்லாம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

சோதனைக்கு முன் டெஸ்ட் ஊரில் வாரத்துக்கு 10,000 பெட்டி, கன்ட்ரோல் ஊரில் 8,000 என்று வைப்போம். பெட்டி மாறிய பின் டெஸ்ட் ஊரில் 8,800. 12 சதவீத வீழ்ச்சி என்று அவசரப்பட வேண்டாம். கன்ட்ரோல் ஊரில் அதே காலத்தில் 8,400 ஆகியிருக்கிறது. அதாவது ஒன்றும் மாற்றாத ஊரில் 5 சதவீத ஏற்றம். குளிர்காலத்தில் சாறு கூடுதலாகப் போயிருக்கலாம். அப்படியானால் டெஸ்ட் ஊரில் விற்றிருக்க வேண்டியது 10,500. விற்றது 8,800. அட்டை தின்றது 1,700 பெட்டி, சுமார் 16 சதவீதம். டெஸ்ட் ஊரை மட்டும் பார்த்தவர் சேதத்தின் கால் பங்கைத் தவற விட்டிருப்பார்.

இந்த 16 நிஜமா, தற்செயலா? அதற்கு எளிய பரிசோதனை உண்டு. எதையும் மாற்றாத பழைய மாதங்களை எடுத்து, மாற்றியதுபோல் பாவித்து இதே கணக்கைப் போட வேண்டும். சும்மா இருந்தபோதே இரண்டு ஊர்களும் 3, 4 சதவீதம் விலகியிருந்தால் அதுதான் இந்த ஜோடியின் இரைச்சல். 16 அதைத் தாண்டி நிற்கிறது. விடை 2 சதவீதம் என்று வந்திருந்தால் வாயை மூடிக்கொள்வதே உத்தமம்; இன்னும் சில ஜோடி ஊர்களைச் சேர்த்துப் பார்க்கலாம்.

எத்தனை நாள் என்பதும் முக்கியம். பழக்கப்பட்ட படத்தைக் காணாமல் முதல் வாரத்தில் கை தடுமாறும். அந்தத் தடுமாற்றம் தீர்ந்து ஆட்கள் திரும்பி வந்தார்களா என்பதுதான் கேள்வி. பத்து நாளுக்கொரு முறை சாறு வாங்கும் வீடு என்றால் நான்கைந்து சுற்றாவது பார்க்க வேண்டும். கல்லாவில் பில் போட்ட எண்ணைத்தான் எடுக்க வேண்டும். கிடங்கிலிருந்து கிளம்பிய எண்ணை எடுத்தால், புதுச் சரக்கை அலமாரி நிறைய அடுக்கியது விற்பனைபோல் தெரியும்.

எதிராளி சும்மா இருப்பான் என்றும் நம்பக்கூடாது. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் ஒரு புதிய பிளீச்சை மேய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் சோதித்தது. கலிஃபோர்னியாவில் இருந்த குளோராக்ஸுக்கு அவ்வளவு தொலைவு எட்டாது என்பது கணக்கு. குளோராக்ஸ் அந்த ஊரில் வீடு வீடாக ஒரு காலன் பிளீச்சை இலவசமாக வாசலில் வைத்துவிட்டது. ஒரு காலன் இருக்கிற வீடு எதற்கு இன்னொன்று வாங்கும்?

ட்ராபிகானா பெட்டியின் கதை பழைய முகத்தோடு முடியவில்லை. 64 அவுன்ஸாக, அதாவது சுமார் 1.89 லிட்டராக இருந்தது 2010இல் 59 ஆனது. ஃபுளோரிடாவில் பனி விழுந்து பழம் குறைந்த ஆண்டு அது. பிறகு 52. விலைச்சீட்டைத் தொடாமல் அளவைக் குறைப்பதும் விலையேற்றமே. இதைச் சோதிக்கும்போது பெட்டிகளை எண்ணினால் ஏமாறுவோம். 64 குடித்த வீடு 59 வாங்கி அதே அளவு குடித்தால் பெட்டி எண்ணிக்கை எட்டரை சதவீதம் ஏறும். மேலாளர் கைதட்டுவார், குடிக்கும் சாறு ஒரு சொட்டும் கூடியிருக்காது. அவுன்ஸிலும் டாலரிலும் எண்ண வேண்டும்.

2024இல் பெட்டி மீண்டும் உருமாறியது. 52 போய் 46 வந்தது, ஒளி ஊடுருவும் புதுவடிவக் குப்பியில். அக்டோபர் விற்பனை முந்தைய ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகச் செய்தி வந்தது. வடிவமா, அளவா, நோய் தாக்கி ஃபுளோரிடா பழத்தோட்டங்கள் அழிந்ததால் ஏறிய சாறு விலையா? மூன்றும் ஒரே குப்பிக்குள் இருக்கின்றன. பிரித்தறிய மூன்று தொகுதி ஊர்கள் வேண்டும்: ஒன்றில் பழையதே, ஒன்றில் புதிய வடிவத்தில் 52, ஒன்றில் புதிய வடிவத்தில் 46. முதல் இரண்டின் வித்தியாசம் வடிவத்துக்கு, பின் இரண்டின் வித்தியாசம் அளவுக்கு. பழத்தட்டுப்பாடு மூன்றுக்கும் பொது என்பதால் கணக்கில் தானே கழிந்துவிடும். இடைஞ்சல் ஒன்றுதான்: விற்கவே போகாத 52 அவுன்ஸ் புதுக்குப்பிக்கு யாராவது தனியாக அச்சு வார்க்க வேண்டும்.