வாவியின் இரு கரைகளும் Asia/Colombo பதிவும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீளும் நிலம் எழுவான்கரை; மேற்கே வயல்கள் விரியும் நிலம் படுவான்கரை. 1996 முதல் 2006 வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்த இரு கரைகளும் வெவ்வேறு நேரங்களில் வாழ்ந்தன. உலகின் கணினிகளும் கைத்தொலைபேசிகளும் நாடும் பொது நேர வலயத் தரவுத்தளத்தில் இந்த வேறுபாட்டுக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அது மனிதர் மட்டுமே வாசிக்கக்கூடிய குறிப்பாக இருக்கிறது. கடிகாரம் சரியாக ஓட அந்தக் குறிப்புப் போதும் என்பதும், அக்கால ஆவணங்களைக் கையாள அது போதாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1996இல் வரட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றி நாடு மின்வெட்டில் தவித்தபோது, மே 24 நள்ளிரவில் அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அதில் அரை மணித்தியாலம் திரும்பப் பெறப்பட்டது. எஞ்சிய அரை மணித்தியாலம் 2006ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு இரவில் திரும்பியது. விடுதலைப் புலிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவேயில்லை. தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்தையே வைத்திருந்தனர். படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை அவர்கள் கையில் இருந்தது. குருக்கள்மடத்தில் காலை 8.00 மணிக்குப் பாதையில் ஏறி, கால் மணித்தியாலத்தில் அம்பிளாந்துறையில் இறங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அக்கரைக் கடிகாரத்தில் அப்போது மணி 7.45.

இந்த வரலாறு தரவுத்தளத்துக்குள் எப்படி வந்தது? 1980களில் ஆர்தர் டேவிட் ஒல்சன் தொடங்கிய இத்தொகுப்பை இன்று கலிபோர்னியாவைச் சேர்ந்த போல் எகர்ட் ஒருங்கிணைக்கிறார். உலகெங்கும் உள்ள தொண்டர்கள் அரச அறிவித்தல்களையும் பத்திரிகைச் செய்திகளையும் தேடி எடுத்து, திருத்த வேண்டிய வரியோடு சான்றையும் சேர்த்து அனுப்புகிறார்கள். மற்றவர்கள் அதைச் சரிபார்க்கிறார்கள்; ஐயம் தீர்ந்த பின் வரி மாறுகிறது. ஒவ்வொரு வெளியீடும் ஆண்டையும் ஓர் எழுத்தையும் பெயராகக் கொண்டு வருகிறது. இலங்கைப் பதிவின் கடைசி ஐந்து வரிகள் இவை:

```
5:30  1:00  +0630  1945 Oct 16 2:00
5:30  -     +0530  1996 May 25 0:00
6:30  -     +0630  1996 Oct 26 0:30
6:00  -     +06    2006 Apr 15 0:30
5:30  -     +0530
```

முதல் எண் உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள நியம இடைவெளி. வரியின் இறுதியில் உள்ளது அந்த வரி செல்லுபடியாகும் கடைசிக் கணம். அந்தக் கணத்தைப் பழைய கடிகாரத்தின்படி வாசிக்க வேண்டும். 2006 ஏப்ரல் 15 அதிகாலை 0.30 ஆனதும் கடிகாரம் மீண்டும் 0.00 ஆனது, அந்த அரை மணித்தியாலம் அன்றிரவு இருமுறை வந்தது.

இவ்வரிகளுக்கு மேலே, யார் எந்த நாளில் என்ன சான்று தந்தார் என்ற குறிப்புகள் உள்ளன. 1996 ஒக்டோபர் மாற்றத்துக்கு ஊடக அமைச்சரின் அறிவித்தல் சான்று. புலிகளின் நேரம் பற்றிய 2006ஆம் ஆண்டு ரொய்ட்டர் செய்தியும் அங்கே இருக்கிறது. அதையடுத்து, அப்பகுதிகளில் வாழ்வோர் Asia/Kolkata என்பதைப் பயன்படுத்தலாம் என்று எகர்ட் எழுதியிருக்கிறார். இதற்குக் காரணம் தரவுத்தளத்தின் அடிப்படை விதி. 1970க்குப் பின் கடிகாரங்கள் முழுவதும் ஒத்துப்போன இடங்களுக்கு ஒரே வலயம் போதும். 1970க்குப் பின்னான நேரத்தில் படுவான்கரை கொல்கத்தாவோடு ஒத்தது. யாருக்கு எந்த நாடு என்று தீர்ப்பளிக்காமல் மக்கள் உண்மையில் வைத்த கடிகாரத்தைப் பார்க்கும் இம்முறையை நான் மதிக்கிறேன். அரச வர்த்தமானியை மட்டும் நம்பியிருந்தால் படுவான்கரையின் நேரம் அங்கே ஒரு சொல்லாகக்கூட இடம்பெற்றிருக்காது.

இனிச் சாதனங்களுக்கு வருவோம். கணினி உள்ளே எண்ணுவது உலகப் பொது நேரத்தை மட்டுமே. வலையமைப்பிலிருந்து அது பெறும் திருத்தமும் பொது நேரமே. அதை மட்டக்களப்பு நேரமாக்கும் விதி சாதனத்துக்குள் உள்ள ஒரு கோப்பில், லினக்ஸ் கணினிகளில் /usr/share/zoneinfo/Asia/Colombo என்ற இடத்தில் இருக்கிறது. ஜாவா போன்ற மென்பொருள்கள் தமக்கென வேறொரு பிரதியை வைத்துக்கொள்வதால், ஒரே கணினியில் இரு நிரல்கள் இரு நேரம் காட்டுவதும் உண்டு. அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளில் 10ஆம் பதிப்பு வரும்வரை இத்தரவு பெரும்பாலும் முழு இயங்குதளத்தோடுதான் மாறியது. உற்பத்தியாளர் கைவிட்ட தொலைபேசிக்கு மாற்றம் வந்து சேராது.

2006இல் மாற்றம் பற்றிய விரிவான செய்தி சில நாள் முன்னரே உலகுக்குக் கிடைத்தது. இற்றைப்படுத்தப்படாத சாதனம் ஏப்ரல் 15 முதல் அரை மணித்தியாலம் முந்திக் காட்டியிருக்கும். பிரதி புதியதா என்பதை ஒரு கட்டளையால் அறியலாம்:

```
zdump -v Asia/Colombo | grep 2006
```

18:29:59 UT என்பதை 00:29:59 என்றும், அடுத்த நொடியான 18:30:00 UT என்பதை 00:00:00 என்றும் காட்டும் இரு வரிகள் வந்தால் பிரதி சரி. எதுவும் வராவிட்டால் அது பழையது.

இற்றைப்படுத்தல் கிடைக்காதவருக்கு இரண்டு குறுக்குவழிகள் உண்டு. இரண்டும் கேடு செய்யும். கடிகாரத்தைக் கையால் அரை மணித்தியாலம் பின்தள்ளினால் சுவர்க்கடிகாரத்தோடு திரை ஒத்துப்போகும், ஆனால் உள்ளே உள்ள பொது நேரம் பிழைத்துவிடும். அனுப்பும் மின்னஞ்சல் எல்லாம் அரை மணித்தியாலம் முந்திய முத்திரையோடு போகும். வலயத்தைச் சென்னை, கொல்கத்தா என்று மாற்றினால் இன்றைய நேரம் சரியாகும், பழைய நேரம் கெடும். எழுவான்கரையில் 2005 ஜனவரியில் காலை 8.00 மணிக்குப் பதிவான கோப்பு 7.30 என்று தோன்றும்.

படுவான்கரைக்கு இதே பிழை எதிர்த்திசையில் நேர்கிறது. இன்று வரைபடத்தில் கொக்கட்டிச்சோலையைச் சுட்டினால் மென்பொருள் Asia/Colombo என்றே சொல்லும். தரவுத்தளக் குறிப்பை எந்த நிரலும் வாசிப்பதில்லை.

இதன் விளைவு 2004 டிசம்பர் 26ஐப் பற்றிய வாக்குமூலங்களில் கூர்மையாகத் தெரியும். சுமத்ரா நிலநடுக்கம் பொது நேரம் 00:58க்கு நிகழ்ந்தது. அரச நேரத்தில் அது காலை 6.58, புலிகளின் நேரத்தில் 6.28. ஏறத்தாழ இரு மணித்தியாலத்தில் அலை கிழக்குக் கரையை எட்டியது. கல்லடியில் ஒருவர் அலை ஒன்பது மணிக்கு வந்தது என்றும், அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வாகரையில் ஒருவர் எட்டரைக்கு வந்தது என்றும் சொன்னால், இருவரும் ஒரே கணத்தைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் Asia/Colombo கொண்டு பொது நேரமாக்கினால், அலையின் வேகம் பற்றிய ஒரு பொய்யான ஆய்வு முடிவு பிறக்கும்.

அப்படியானால் படுவான்கரைக்குத் தனி வலயம் கேட்கலாமா? கொல்கத்தா என்ற மாற்று, 1970க்கு முன் பிழைக்கிறது என்பது அதற்கான நியாயம். 1942 ஜூன் மாதம் இலங்கை முழுவதும் ஆறு மணித்தியால இடைவெளியில் இருந்தது, இந்தியா ஐந்தரையில் இருந்தது. படுவான்கரையின் அந்த ஆண்டைக் கொல்கத்தா வலயத்தால் மாற்றினால் அரை மணித்தியாலம் தவறும். ஆயினும் 1970 விதிப்படி அத்தகைய வலயம் முதன்மைத் தொகுப்பில் சேராது. அதிகபட்சம் பழைய தரவுகளுக்கான துணைக் கோப்பில் இடம் பெறலாம், அதைப் பெரும்பாலான சாதனங்கள் ஏற்றுவதில்லை. மேலும், எந்தக் கிராமம் எந்த மாதத்தில் யார் கையில் இருந்தது என்பதும், அங்கே அரச ஊதியம் பெற்ற பாடசாலையும் வைத்தியசாலையும் எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றின என்பதும் ஒரு வரியில் அடங்காது.

ஆகவே அப்பத்தாண்டு ஆவணங்களை எண்ணிமப்படுத்துவோர் மூன்று செய்திகளைத் தனித்தனிப் புலங்களில் பதிய வேண்டும்: ஆவணத்தில் எழுதியபடியே உள்ள நேரம், பதிந்தவர் கொண்ட இடைவெளி +05:30ஆ +06:00ஆ என்பது, அப்படிக் கொண்டதற்கான காரணம். இடைவெளி தெரியாவிட்டால் அந்தப் புலம் வெறுமையாக இருக்கட்டும். மென்பொருள் தானாக நிரப்ப இடம் கொடுக்கக்கூடாது.