கைஸ்கேனர் காட்டும் வழி: கிடங்கில் பொருள் எடுக்கும் வரிசை

பெரிய சரக்குக் கிடங்குகளில், ஆர்டருக்குரிய பொருள்களை ரேக்குகளிலிருந்து எடுத்துச் சேர்ப்பவரைப் பிக்கர் என்பார்கள். அவர் கையிலுள்ள ஸ்கேனர் பெரும்பாலும் முழுப் பட்டியலையும் காட்டுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் காட்டும்: எந்த இடம், எந்தப் பொருள், எத்தனை. போய்ச் சேர்ந்ததும் ரேக்கில் ஒட்டியுள்ள இடக்குறியை ஸ்கேன் செய்ய வேண்டும். பிறகு பொருளின் பார்கோடு, எண்ணிக்கை, கடைசியாகப் பொருளைப் போடும் பெட்டியின் குறி. நான்கும் சரியாக இருந்தால்தான் அடுத்த வேலை திரைக்கு வரும். குரல்வழிக் கருவி உள்ள கிடங்குகளில் இடக்குறிக்குப் பதிலாக, ரேக்கில் எழுதியுள்ள இரண்டு மூன்று இலக்கச் சரிபார்ப்பு எண்ணைப் பிக்கர் வாய்விட்டுச் சொல்வார். அவர் சரியான இடத்தில்தான் நிற்கிறார் என்று உறுதிசெய்வதே அதன் பயன்.

அடுத்த வேலை எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கிடங்கு மேலாண்மை மென்பொருள் ஒவ்வொரு முறையும் மிகக் குறுகிய பாதையைக் கணக்கிட்டுத் தருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். பல கிடங்குகளில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் முன்கூட்டியே ஒரு வரிசை எண் கொடுத்திருப்பார்கள். ஆர்டர் வந்ததும் மென்பொருள் அந்த எண்படி வேலைகளை அடுக்குகிறது, அவ்வளவுதான். எஸ்ஏபி நிறுவனத்தின் கிடங்கு மென்பொருளில் இந்த எண்களை உண்டாக்குவதற்கென்றே `/SCWM/SBST` என்ற கட்டளை இருக்கிறது. பிக்கரின் வேலைநேரத்தில் ஏறத்தாழப் பாதி நடையிலேயே போகிறது என்பது கிடங்கியல் பாடநூல்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்த நடையின் நீளம் பெரிதும் இந்த எண்களைப் பொறுத்தது.

எண் கொடுப்பதில் பரவலான முறை, ஏர் ஓட்டுவதுபோல ஒரு சாலில் போய் அடுத்த சாலில் திரும்புவது. முதல் சந்தில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கி எண்கள் ஏறும். இரண்டாம் சந்தில் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரும். எல்லாச் சந்துகளிலும் எடுக்க ஏதாவது இருக்கும்வரை இது அருமையான ஏற்பாடு. ஒரு சந்து காலியாக இருந்தால்தான் சிக்கல்.

ஒரு சிறு கிடங்கைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஆறு சந்துகள், ஒவ்வொன்றும் 20 மீட்டர் நீளம், அடுத்தடுத்த சந்துகளுக்கு இடையே 5 மீட்டர். குறுக்குவழி முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மட்டுமே உண்டு. முதல் சந்தின் வாயிலில் கிளம்பி அங்கேயே திரும்ப வேண்டும். முன்பக்கத்திலிருந்து அளந்தால் எடுக்க வேண்டியவை இருக்கும் தொலைவு இது: முதல் சந்தில் 12ஆம் மீட்டர், இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, 17, ஐந்தாவதில் 10, 18, ஆறாவதில் 4. நான்காம் சந்தில் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் சந்தில் எண்கள் முன்னிருந்து பின்னாக ஏறுவதால், ஸ்கேனர் 10ஆம் மீட்டரை முதலில் கேட்கும், 18ஐ அடுத்துக் கேட்கும். பிக்கரோ மூன்றாம் சந்தின் 17ஆம் மீட்டரில் வேலை முடித்து, பின்வழியாக வந்துகொண்டிருக்கிறார். இடையில் நான்காம் சந்திலும் எடுக்க ஏதாவது இருந்திருந்தால் அது அவரை முன்பக்கம் இறக்கிவிட்டிருக்கும். இப்போது அவர் 18ஐக் கண்ணெதிரே தாண்டி 10க்குப் போய், மீண்டும் 18க்கு ஏறுகிறார். இப்படி ஸ்கேனர் சொன்ன வரிசையில், இடையே கிடைக்கும் குறுகிய வழிகளிலேயே நடந்தாலும் மொத்தம் 138 மீட்டர் ஆகிறது. 18ஐ முதலில் எடுத்து 10ஐ அடுத்து எடுத்திருந்தால் 126. அனுபவமுள்ள பிக்கர்கள் இதைத் தாங்களே செய்துவிடுகிறார்கள். திரையில் அந்த வேலையைத் தாண்டிச் செல்லும் பொத்தான் இருந்தால்தான் அதுவும் முடியும்.

இதைவிடக் குறைந்த பாதையும் உண்டு. முதல் சந்தை முழுதாகக் கடந்து பின்வழிக்குப் போக வேண்டும். அங்கிருந்து மூன்றாம் சந்துக்குள் 3 மீட்டர் மட்டும் நுழைந்து 17ஐ எடுத்துத் திரும்ப வேண்டும். ஐந்தாம் சந்தில் 18, 10 என்று எடுத்தபடியே முன்பக்கம் இறங்கி, ஆறாவதில் எட்டிப் பார்த்து, திரும்பும் வழியில் மூன்றாம் சந்தின் 3, இரண்டாம் சந்தின் 2 ஆகியவற்றை எடுத்தால் 114 மீட்டர். இந்த அமைப்பில் இதற்குக் கீழே போக முடியாது.

இத்தகைய மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் முறையை ராட்லிஃப், ரோசன்தால் என்ற இருவர் 1983இல் வெளியிட்டார்கள். எல்லா ஊர்களுக்கும் ஒருமுறை போய்வரும் விற்பனையாளர் கணக்கு பொதுவாகத் தீர்ப்பதற்குக் கடினமானது. ஆனால் இருபுறமும் மட்டும் குறுக்குவழியுள்ள செவ்வகக் கிடங்கில், ஒரு சந்துக்குள் நடக்கக்கூடியவை சில வகைகள்தாம்: முழுதாகக் கடப்பது, முன்னிருந்து போய்த் திரும்புவது, பின்னிருந்து போய்த் திரும்புவது, நடுவிலுள்ள பெரிய இடைவெளியை விட்டுவிட்டு இருபுறமும் தனித்தனியே நுழைவது என்பது போல. அதனால் சந்துகள் கூடக் கூடக் கணக்கும் அதே விகிதத்தில்தான் கூடுகிறது. 50 சந்துள்ள கணக்கை அக்காலச் சிறு கணினி ஒன்று ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடித்தது. நடுவில் ஒரு குறுக்குவழி உள்ள கிடங்குகளுக்கு இம்முறையை ரூட்பெர்கன், டி கோஸ்டர் இருவரும் 2001இல் விரித்தார்கள்.

அப்படியிருந்தும் பழைய வரிசை எண் முறை ஒழியவில்லை. 114 மீட்டர் பாதை மூன்றாம் சந்துக்கு இரண்டு முறை அனுப்புகிறது. இரண்டாம் சந்தை முதலில் கண்டும் காணாமல் தாண்டச் சொல்கிறது. ஒவ்வொரு வேலையாக மட்டுமே பார்க்கும் பிக்கருக்கு இது பிழையாகத் தெரியும். பல இடங்களில் அவர் தம் வழியிலேயே போய்விடுவார். கனமான பெட்டி அடியில் இருக்க வேண்டும், முட்டை மேலே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் குறுகிய பாதையோடு ஒத்துப்போவதில்லை. மளிகைக் கிடங்கில் நசுங்கிய ரொட்டியைவிட இருபது மீட்டர் கூடுதல் நடை மலிவு.

வரிசை எண்களே கெட்டுப்போவதும் உண்டு. அதிகம் தென்படும் பிழை, எண்களைக் கொடுக்காமல் இடக்குறியை எழுத்தாகக் கொண்டு அடுக்குவது. அப்போது பட்டியல் இப்படி வரும்:

```
A-1
A-10
A-11
A-2
```

பிக்கர் ஒன்றாம் இடத்திலிருந்து பதினொன்றுவரை போய், இரண்டுக்குத் திரும்பி வருவார். `A-01`, `A-02` என்று பூஜ்ஜியம் சேர்த்துக் குறியிட்டால் இது தீரும். புதிய ரேக் போட்டுவிட்டு எண் கொடுக்க மறந்தால், அந்த இடங்கள் பட்டியலின் தலையிலோ வாலிலோ போய் நிற்கும். அங்கே சேமித்த பொருள் ஆர்டரில் வரும்போதெல்லாம் ஒரு வீண் நடை.

இன்னொரு வீண் நடை ஷார்ட்டில் வருவது. ஸ்கேனர் ஆறு கேட்கிறது, ரேக்கில் நான்குதான் இருக்கிறது. பிக்கர் நான்கு என்று பதிந்ததும், மீதி இரண்டை மென்பொருள் வேறோர் இடத்தில் தேடி ஒதுக்கும். அந்த இடம் ஏற்கெனவே கடந்துவந்த சந்தாக இருக்கலாம். உடனே திருப்பி அனுப்பாமல் அந்த வேலையைத் தனியே சேர்த்துவைத்து, அந்தப் பக்கம் போகும் அடுத்த பிக்கரிடம் கொடுப்பது சில கிடங்குகளின் வழக்கம்.

இவற்றைக் கண்டுபிடிக்கப் புது மென்பொருள் வேண்டாம். ஸ்கேன் நேரங்கள் எல்லாம் பதிவாகியே இருக்கின்றன. ஒரு நாள் பதிவை நேரவரிசையில் வைத்து, அருகில் வரிசை எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதும். ஒரே இடத்தில் பல பிக்கர்களும் வரிசையை மீறியிருந்தால், எண்ணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.