கரோசல் வடிவில் வகுப்பு நடவடிக்கை

ஆசிரியர் ஒருவர் செய்துபார்த்த வகுப்பு நடவடிக்கையை, மற்றோர் ஆசிரியர் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்து அப்படியே நடத்தும்படி பிரித்துத் தரும் படவரிசையே கரோசல். இன்ஸ்டாகிராம் 2017இல் ஒரே பதிவில் பத்துப் படங்களை அடுக்க வழிவிட்டது. 2024இல் வரம்பு இருபதானது. ஒரு நடவடிக்கைக்கு ஆறு ஸ்லைடே போதும். முதல் ஸ்லைடு தவிர ஒவ்வொன்றிலும் ஒரு படி, அதற்கான பொருள், அதற்கான நிமிடம் ஆகிய மூன்று மட்டும் இருந்தால் நிற்கும்போதே படித்துவிடலாம்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் நடவடிக்கையாகப் பழகிப்போன 'மூவர் உலா, ஒருவர் இருப்பு' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிகாமட் வகுப்பென்றால் தலைப்பைத் தேடி அலைய வேண்டாம். 2006 டிசம்பரிலும் 2011இலும் 2023 மார்ச்சிலும் ஊரை மூழ்கடித்த வெள்ளம் வீட்டுக்கு வீடு பேசப்படுவது. இருபது மாணவர்கள், நால்வர் கொண்ட ஐந்து குழு, இரண்டு பாடவேளை சேர்ந்த 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஸ்லைடில் தலைப்பு, ஆண்டு, மாணவர் எண்ணிக்கை, மொத்த நேரம் இருக்கும். இரண்டாவதில் பொருள்கள்: குழுவுக்கு ஒரு மாஜோங் தாள், இரண்டு மார்க்கர், ஒட்டுநாடா, மாணவருக்கு ஒரு சிறு தாள். பிரித்துக்கொடுத்து விளக்க 5 நிமிடம். 'மார்க்கர்கள்' என்று பொதுவாக எழுதினால் கடைசிக் குழு வெறுங்கையோடு நிற்கும். குழுக்கணக்கில் எழுதுவதே பயன்படும். மூன்றாவது, 20 நிமிடம்: ஆறு பெருகும் காரணம், வீட்டு முன்னேற்பாடு, துயர்துடைப்பு மையம், தண்ணீர் வடிந்தபின் துப்புரவு, பரவும் நோய் என ஒரு குழுவுக்கு ஒரு கிளைத்தலைப்பு. எழுத்து இரண்டு எட்டுத் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். எழுதி முடித்த தாளைச் சுவரில் ஒட்டுவதும் இந்நேரத்துக்குள் அடங்கும்.

நான்காவதில்தான் கணக்கு உதைக்கும். ஒருவர் தாளருகே நின்று விளக்க, மூவர் மற்ற நான்கு தாள்களையும் பார்க்கிறார்கள். தாளுக்கு 3 நிமிடம் என்றால் 12 என்று எழுதிவிடுவார்கள். அடுத்த தாளுக்கு நகர ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் போகும், ஆகவே 16. இந்த நான்கு நிமிடத்தை விட்ட கரோசலை நம்பி நடத்தினால் முடிப்பு நான்கு நிமிடம் தள்ளிப்போகும்.

ஐந்தாவது ஸ்லைடைப் பலர் போடுவதே இல்லை. நின்று விளக்கியவர் வேறெதையும் பார்க்கவில்லை. உலாப்போன மூவரும் திரும்பி வந்து அவருக்குச் சொல்ல 7 நிமிடம் தேவை. ஆறாவது, 7 நிமிடம்: பிற குழுவிடம் அறிந்த ஒரு செய்தியைச் சிறு தாளில் எழுதித் தருதல். நின்றவர்களின் தாள்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அவற்றில் சொந்தக் குழுவின் செய்தியே இருந்தால் ஐந்தாவது படி நடக்கவில்லை என்று பொருள். ஆக மொத்தம் 55. மீதி ஐந்து கையிருப்பு.

மாணவர் குறைந்த பள்ளியில் வகுப்பில் எட்டுப் பேர்தான் என்றால் இந்த அமைப்பு பலிக்காது. இரண்டே குழுவில் உலாப்போக இடமேது? இருவர் இருவராக நான்கு குழு அமைத்து, ஒருவர் இருக்க ஒருவர் போகலாம். அப்போது உலா மூன்று தாள்தான், 12 நிமிடம். இந்த மாற்றுக்கணக்கை முதல் ஸ்லைடிலேயே ஒரு வரியில் தருவது நல்லது. கடைசியில் போட்டால் பாதிப்பேர் அதுவரை தள்ளிப் பார்ப்பதில்லை.